டிரையல் பேலன்ஸில் 20,240 ரூபாய் உதைக்கிறது, எங்கே தேடுவது?

மின்கடை_மகள்

எலக்ட்ரிக்கல் சாமான் கடை, ஒரே உரிமையாளர் (அப்பா). கணக்கு இன்னும் கையால்தான்: ரொக்க ஏடு ஒன்று, செலவுகளுக்கு ஒரு பேரேடு, பார்ட்டிகளுக்குத் தனியாக ஒரு பேரேடு. 31-3-2025 வரைக்குமான இருப்புகளை எடுத்து எக்செல்லில் போட்டேன். கிரெடிட் பக்கம் 20,240 கூடுதலாக நிற்கிறது. மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

```
                         டெபிட்       கிரெடிட்
ரொக்கம்                  18,450
வங்கி                  1,42,300
வர வேண்டிய பாக்கி      3,18,060
தொடக்கச் சரக்கு        2,85,000
கொள்முதல்             14,62,800
விற்பனைத் திருப்பம்      21,400
சம்பளம்                2,16,000
கடை வாடகை              1,44,000
மின்சாரம்                32,160
ஏற்றுகூலி                27,850
மேசை, ரேக்               95,000
அப்பா எடுத்தது         1,20,000
முதல்                               4,78,000
வங்கிக் கடன்                        2,00,000
தர வேண்டிய பாக்கி                   2,47,350
ஜி.எஸ்.டி பாக்கி                      12,060
விற்பனை                            19,38,600
கொள்முதல் திருப்பம்                   16,200
பெற்ற தள்ளுபடி                         4,800
அளித்த தள்ளுபடி                        6,250
மொத்தம்               28,83,020    29,03,260
```

பேரேட்டை முதலிலிருந்து மறுபடி எழுதுவதைத் தவிர வேறு வழி உண்டா?

சிவகாசி_குமார்

மறுபடியெல்லாம் எழுத வேண்டாம்மா. ரெண்டே ரெண்டு சூத்திரம்தான். வித்தியாசத்தைப் பாதியாக்கு. 10,120 வருது. அந்தத் தொகை எங்கே இருக்கோ அது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கு. இல்லைன்னா 9-ஆல் வகு. மீதி இல்லாமல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கு. இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது.

மின்கடை_மகள்

10,120 எந்தப் பக்கத்திலும் இல்லை அண்ணா. 9-ஆல் வகுத்தால் 2,248.88 என்று போகிறது. இரண்டு சூத்திரமும் கைவிட்டுவிட்டது.

பழைய_லெட்ஜர்

குமார் சொன்ன இரண்டும் சரியான கருவிகள்தான். ஆனால் உள்ளே ஒரே ஒரு தவறு இருந்தால் மட்டும்தான் அவை வேலை செய்யும். இரண்டு மூன்று தவறு கலந்துவிட்டால் 20,240 என்பது வெறும் கலவை எண். அதைப் பாதியாக்கினாலும் 9-ஆல் வகுத்தாலும் அது எதையும் சொல்லாது. அதனால் வித்தியாசத்தைக் கையில் எடுக்கும் முன்னால் டிரையல் பேலன்ஸை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் எக்செல் கூட்டலை உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தொகை சில சமயம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்துவிடும். பார்ப்பதற்கு எண் மாதிரியே இருக்கும், SUM அதைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும். இரண்டாவது வரியிலிருந்து 21-ஆவது வரி வரை தொகைகள் இருந்தால் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
=COUNT(B2:B21)
=COUNT(C2:C21)
```

COUNT எண்களை மட்டும் எண்ணும். உங்கள் பட்டியல்படி முதலாவது 12, இரண்டாவது 8 வர வேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு தொகை எழுத்தாகக் கிடக்கிறது. கடைசியில் சேர்த்த வரி SUM எல்லைக்குள் வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மின்கடை_மகள்

12, 8. சரியாக வருகிறது. SUM எல்லையும் 21 வரை இருக்கிறது.

பழைய_லெட்ஜர்

அப்போது கூட்டல் சுத்தம். இனிப் படிப்போம்.

ஒவ்வொரு வரியிலும் தொகையை மறந்துவிட்டு, பெயரையும் அது நிற்கும் பக்கத்தையும் மட்டும் பாருங்கள். கையில் இருக்கும் பொருள், நமக்கு வர வேண்டியது, செலவு, உரிமையாளர் எடுத்தது, இவையெல்லாம் டெபிட்டில் நிற்க வேண்டும். நாம் தர வேண்டியது, வருமானம், முதல் இவை கிரெடிட்டில். உங்கள் பட்டியலில் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். பெற்ற தள்ளுபடி கிரெடிட்டில் நிற்கிறது, சரி. அளித்த தள்ளுபடியும் அதற்குக் கீழேயே கிரெடிட்டில் நிற்கிறது. வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்த காசு கடைக்குச் செலவு. அது கிரெடிட்டில் நிற்க ஒரு நியாயமும் இல்லை.

பேரேட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பட்டியலில் மட்டும் பக்கம் மாறியதா, பேரேட்டிலேயே மாறியதா?

மின்கடை_மகள்

பேரேட்டிலேயே கிரெடிட் பக்கம்தான் எழுதியிருக்கிறது. 31-3 தேதியில் ஒரே பதிவு, 6,250, "ரொக்க ஏட்டின்படி" என்று.

பழைய_லெட்ஜர்

இது அடிக்கடி நடக்கிற இடம். ரொக்க ஏட்டில் தள்ளுபடிக்கு ஒரு சின்னக் கலம் இருக்கும். பார்ட்டி 9,800 கொடுத்து 200 தள்ளுபடி வாங்கினால் இடது பக்கத்தில் ரொக்கம் 9,800, தள்ளுபடி 200 என்று எழுதுவோம். பார்ட்டி கணக்கில் 10,000 கிரெடிட் வைப்போம். வருடக் கடைசியில் அந்தச் சின்னக் கலத்தின் மொத்தத்தைத் தள்ளுபடிக் கணக்குக்குக் கொண்டு போக வேண்டும். அப்போதுதான் கை தடுமாறும். ரொக்க ஏட்டின் இடது பக்கத்திலிருந்து பேரேட்டுக்குப் போகிற மற்ற எல்லாப் பதிவும் கிரெடிட்டில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் தள்ளுபடி மொத்தமும் கிரெடிட்டிலேயே விழுந்துவிடும். ஆனால் அந்தக் கலம் ரொக்கத்தைப் போல இருப்புக் கட்டுகிற கலம் இல்லை, மொத்தம் போட மட்டும்தான். இடது பக்க மொத்தம் டெபிட்டுக்கே போக வேண்டும்.

பக்கம் மாறினால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். டெபிட்டில் 6,250 குறைந்தது, கிரெடிட்டில் 6,250 கூடியது. ஆக 12,500. பேரேட்டிலேயே திருத்துங்கள், எக்செல்லில் மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். திருத்தியபின் டெபிட் 28,89,270, கிரெடிட் 28,97,010. மீதி 7,740.

யாழ்_கணக்கன்

ஒரு சின்னக் குழப்பம். அளித்த கழிவு வரவுப் பக்கம் வர வேண்டும் என்றுதான் எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சது. நீங்கள் செலவில் போட்டதை வரவுக்கு மாத்தச் சொல்லுறீங்களா? இல்லை மறுவளமா?

பழைய_லெட்ஜர்

நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றேதான். உங்கள் ஊர்ப் பாடநூலில் டெபிட் என்றால் வரவு, கிரெடிட் என்றால் செலவு. தமிழ்நாட்டுப் பாடநூலில் டெபிட் பற்று, கிரெடிட்தான் வரவு. ஒரே சொல் கடலைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. அதனால்தான் இந்த இழையில் டெபிட், கிரெடிட் என்றே எழுதுகிறேன்.

யாழ்_கணக்கன்

விளங்கீட்டுது. நாங்கள் பரீட்சை மீதி எண்டுவம், நீங்கள் இருப்பாய்வு எண்டுறீங்கள். அது பரவாயில்லை, இந்த வரவுதான் ஆளைக் கவிழ்க்கும்.

சிவகாசி_குமார்

இப்ப 7,740-ஐ 9-ஆல் வகுங்க! 860. மீதியே இல்லை. நான் சொன்னேன் பாருங்க. எண் இடம் மாறியிருக்கு, கண்ணை மூடிக்கிட்டுத் தேடலாம்.

மின்கடை_மகள்

ஏற்றுகூலிக் கணக்கில் ஆகஸ்ட் மாதம் 860 என்று ஒரு பதிவு இருக்கிறது! மற்ற மாதங்களில் 2,000-க்கு மேல். அது 8,600 ஆக இருந்திருக்குமோ? 8,600-இல் 860 போனால் சரியாக 7,740. மாற்றிவிடட்டுமா?

சிவகாசி_குமார்

மாத்திடுங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

பழைய_லெட்ஜர்

தொடாதீர்கள். முதலில் ஆகஸ்ட் வவுச்சரை எடுத்துப் பாருங்கள்.

9-ஆல் வகுபடுவது பெரிய சாட்சி இல்லை. ஏதோ ஒரு எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒரு தடவை அது 9-ஆல் வகுபடத்தான் செய்யும். வகுத்து வந்த ஈவையும் படிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருந்தால், ஈவு ஒரே ஒரு இலக்கமும் அதன் பின்னால் சைபர்களுமாக வரும்: 4, 30, 700 மாதிரி. 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9, ஈவு 1. 7,300-ஐ 3,700 என்று எழுதினால் வித்தியாசம் 3,600, ஈவு 400. மாறிய இலக்கங்கள் இரண்டுக்கும் இடையே 4 வித்தியாசம் என்பதையும், அவை நூறாம் இடத்திலும் ஆயிரமாம் இடத்திலும் இருந்தன என்பதையும் அந்த 400 சொல்லிவிடுகிறது. 860 அப்படி ஒரு எண் இல்லை. ஆக, ஒற்றை இடமாற்றம் என்பது இங்கே நடக்கவில்லை.

மீதி இருப்பது ஒரு சைபர் விட்டுப்போனது. அதில் 860-ம் 8,600-ம் பொருந்தும் என்பது உண்மைதான். பொருந்துகிறது என்பதற்காக அதுதான் நடந்தது என்று ஆகாது. இன்னொன்றும் யோசியுங்கள். ரொக்க ஏட்டிலிருந்து 860 கொடுத்ததாக எழுதியிருந்து, பேரேட்டிலும் 860 என்றே இருந்தால் அந்தப் பதிவால் டிரையல் பேலன்ஸ் உதைக்கவே முடியாது. ரொக்க ஏட்டில் 8,600, பேரேட்டில் 860 என்று இருந்தால்தான் உதைக்கும்.

மின்கடை_மகள்

ரொக்க ஏட்டிலும் 860. வவுச்சரிலும் 860. அந்த மாதம் கம்பெனிக்காரர்களே சரக்கை இறக்கிவிட்டுப் போனதாக அதில் எழுதியிருக்கிறது. நல்லவேளை மாற்றவில்லை.

ஆடிட்_உதவி

இவ்வளவு கஷ்டம் ஏன்? 7,740-ஐ சஸ்பென்ஸ் கணக்கில் டெபிட் போட்டு டேலி செய்யுங்கள். வருடத்துக்கு 19 லட்சம் விற்கிற கடைக்கு இது பெரிய தொகையா? ரிட்டர்ன் கெடு நெருங்கும்போது நாங்கள் செய்வது அதுதான். பின்னால் தெரியவந்தால் சஸ்பென்ஸிலிருந்து எடுத்துச் சரியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய_லெட்ஜர்

சஸ்பென்ஸ் தப்பில்லை, தேடி முடித்த பிறகு. இங்கே இன்னும் பேரேட்டையும் பட்டியலையும் ஒத்துப் பார்க்கவே இல்லை. அதோடு 7,740 என்பது ஒரு தவறா, இரண்டு தவறு ஒன்றையொன்று தின்றது போக மீந்ததா என்பதும் தெரியாது. சின்ன வித்தியாசத்துக்கு அடியில் பெரிய தவறுகள் இரண்டு படுத்திருக்கலாம்.

மகளே, இப்போது ஒத்துப் பார்க்கிற வேலை. இதில் திசை முக்கியம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேரேட்டில் தேடக் கூடாது. பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, இருப்பு உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் பட்டியலில் டிக் போட வேண்டும். பட்டியலிலிருந்து போனால் பட்டியலில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும். விட்டுப்போனது கடைசி வரை படாது. இன்னொருவரை உட்காரவைத்து அவர் வாசிக்க, நீங்கள் டிக் போடுங்கள். "முப்பத்தோராயிரத்து" என்று வாசிக்காமல் ஒவ்வொரு இலக்கமாக, மூன்று, ஒன்று என்று வாசிக்கச் சொல்லுங்கள். தொகையாக வாசித்தால் எழுதியிருப்பதை விட்டுவிட்டு மனசில் இருக்கிற எண்ணே வாயில் வந்துவிடும்.

நெல்லை_ராணி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கும் இதே பிரச்சினை, ஆனால் TallyPrime. டிரையல் பேலன்ஸில் Difference in Opening Balances என்று 45,000 காட்டுகிறது. வருடம் முழுவதும் போட்ட வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், ஜூலை வரை வந்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை.

பழைய_லெட்ஜர்

வவுச்சர் பார்ப்பதை நிறுத்துங்கள் மேடம். டெபிட்டும் கிரெடிட்டும் சமமாக இல்லாத வவுச்சரை அந்த மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. அந்த வரி சொல்வது அதன் பெயரிலேயே இருக்கிறது: லெட்ஜர்களைத் தொடங்கும்போது கொடுத்த ஓபனிங் பேலன்ஸ்கள் சமமாக இல்லை. போன வருடத்துக் கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஏப்ரல் 1 இருப்புகளோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பாருங்கள். ஒரே தவறாக இருந்தால் குமாரின் பாதிச் சூத்திரம் இங்கே உதவும். கடை அட்வான்ஸ் 22,500 மாதிரி ஏதாவது Dr-க்குப் பதில் Cr என்று போயிருக்கலாம்.

நெல்லை_ராணி

22,500 என்று எதுவும் இல்லை. 45,000 என்றும் இல்லை.

பழைய_லெட்ஜர்

ஸ்டாக் ஐட்டங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஓபனிங் ஸ்டாக் தொகை அந்த ஐட்டங்களின் மதிப்பிலிருந்து கூட்டி வருவதாக இருக்கலாம். அது பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் சரக்குத் தொகையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். உங்களுக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இங்கே இரண்டு கணக்கும் கலந்துவிடும்.

மின்கடை_மகள்

தம்பி வாசிக்க நான் டிக் போட்டேன். ஒன்று கிடைத்தது. மின்சாரம் பேரேட்டில் 31,260. நான் எக்செல்லில் 32,160 என்று அடித்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வீதம் ஆறு பில்லையும் கூட்டினேன், 31,260 தான் சரி.

ஆனால் அதைத் திருத்தியதும் வித்தியாசம் குறையாமல் கூடிவிட்டது. 7,740 இருந்தது, இப்போது 8,640. ஏதோ தப்பாகச் செய்துவிட்டேனா?

பழைய_லெட்ஜர்

தப்பாகச் செய்யவில்லை. சரியாகச் செய்ததால்தான் கூடியது. மின்சாரத்தில் டெபிட் 900 கூடுதலாக எழுதியிருந்தீர்கள். வேறு எங்கோ டெபிட்டில் 8,640 குறைவு. அந்த 900 இதில் கொஞ்சத்தை மறைத்து 7,740 என்று காட்டிக்கொண்டிருந்தது.

குமார், இந்த 900-ஐப் பாருங்கள். 9-ஆல் வகுத்தால் 100. ஒரு இலக்கம், பின்னால் சைபர்கள். உங்கள் சூத்திரத்துக்கு இதுதான் அசல் உதாரணம். தனியாக இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே அகப்பட்டிருக்கும். 8,640-ம் 9-ஆல் வகுபடுகிறது, ஈவு 960. இதில் இடமாற்றம் எதுவும் இல்லை. 900-ம் 8,640-ம் தனித்தனியே வகுபடுவதால்தான் அவற்றின் வித்தியாசமான 7,740-ம் வகுபட்டது.

சிவகாசி_குமார்

ஒத்துக்கிறேன். ஈவையும் பார்க்கணும்கிறது எனக்கு யாரும் சொல்லித் தரலை. ஆனா 960, 9,600 என்று ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

மின்கடை_மகள்

பார்த்தேன் அண்ணா, இல்லை. செலவுப் பேரேடு முழுக்க டிக் ஆகிவிட்டது. 8,640 என்ற தொகையும் அதில் இல்லை.

ஆடிட்_உதவி

ஆக, சஸ்பென்ஸில் 7,740 போட்டிருந்தால் இன்றைக்கு அது 8,640 ஆகியிருக்கும். சரி, ஒரு புள்ளி உங்களுக்கு. ஆனாலும் கெடு நாளன்று இப்படித் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதில் நான் மாறவில்லை.

பழைய_லெட்ஜர்

கெடு நாளில் முடியாது, உண்மை. கெடுவுக்கு முந்தின நாளில்தான் தேடத் தொடங்குகிறோம் என்பது வேறு சண்டை.

செலவுப் பேரேடு சுத்தம் என்றால் மிஞ்சுவது பார்ட்டி பேரேடு. "வர வேண்டிய பாக்கி 3,18,060" என்று ஒரே வரியாகப் போட்டிருக்கிறீர்கள். அது ஒரு கணக்கின் இருப்பு இல்லை. பல பார்ட்டிகளின் இருப்பை நீங்கள் பட்டியல் போட்டுக் கூட்டியது. டிரையல் பேலன்ஸில் இருக்கிற வரிகளில் ஆபத்தானவை இந்த மாதிரிக் கூட்டு வரிகள்தான். ஒரு பார்ட்டி விட்டுப்போனாலும் அந்த வரி தோற்றத்தில் முழுசாகவே இருக்கும்.

பட்டியலைத் தொடாமல் இந்தத் தொகையை வேறு வழியாகக் கட்டிப் பார்க்கலாம். 1-4-2024 அன்று இருந்த மொத்த பாக்கி, அதோடு இந்த வருடம் கடனுக்குப் போட்ட பில் மொத்தம் வரி சேர்த்து. அதிலிருந்து பார்ட்டிகளிடம் வந்த பணம், அளித்த தள்ளுபடி, திருப்பி வந்த சரக்கு (இதுவும் வரி சேர்த்து) மூன்றையும் கழியுங்கள். நான்கைந்து தொகைதான், எல்லாம் துணை ஏடுகளின் மொத்தங்களில் இருக்கும். வரியை மறந்துவிட வேண்டாம். விற்பனைத் திருப்பம் 21,400 என்பது வரி நீக்கிய தொகை. பார்ட்டி கணக்கில் வரியோடுதானே கழித்திருப்பீர்கள்?

மின்கடை_மகள்

ஆமாம், வரியோடுதான். எல்லாம் 18 சதவீதச் சரக்கு, ஆக 25,252. திருப்பம் எல்லாமே கடன் பார்ட்டிகளிடமிருந்து வந்ததுதான்.

```
1-4-2024 பாக்கி              2,91,500
கடன் பில்கள்               + 8,12,400
வந்த பணம்                  - 7,45,698
தள்ளுபடி                   -    6,250
திரும்பிய சரக்கு           -   25,252
இருக்க வேண்டியது             3,26,700
பட்டியலில் இருப்பது          3,18,060
குறைவு                          8,640
```

அப்படியே வருகிறது! ஆனால் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பார்ட்டியையும் முன்னாலேயே பேரேட்டோடு சரிபார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

பழைய_லெட்ஜர்

பட்டியலிலிருந்து பேரேட்டுக்குப் போயிருப்பீர்கள். திசையைத் திருப்புங்கள். பார்ட்டி பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பக்கம் நிறைந்து "கொண்டு செல்லப்பட்டது" என்று முடிந்திருக்கிற இடங்களில் நின்று, அது எந்தப் பக்கத்துக்குப் போனதோ அங்கே போய்ப் பாருங்கள்.

மின்கடை_மகள்

கிடைத்துவிட்டது. 47-ஆம் பக்கத்தில் ஒரு ஒயரிங் கான்ட்ராக்டர். பக்கம் நிறைந்து 112-ஆம் பக்கத்துக்குப் போயிருக்கிறது. நான் 100-ஆம் பக்கத்தோடு பட்டியலை முடித்துவிட்டேன், அதற்குப் பின்னால் வெற்றுத்தாள்தான் என்று நினைத்து. 47-இல் இருப்பு எதுவும் எழுதாததால் கணக்கு முடிந்துவிட்டது என்று தாண்டிவிட்டேன். 112-இல் பாக்கி 8,640.

இப்போது இரண்டு பக்கமும் 28,97,010. நன்றி அண்ணா, குமார் அண்ணனுக்கும்.

பிகாம்_இரண்டாமாண்டு

வங்கி 1,42,300 என்று இருக்கிறதே, பாஸ்புக்கில் வேறு தொகை இருந்தால் டிரையல் பேலன்ஸ் உதைக்குமா? அதைக் கேட்கவே இல்லையே யாரும்?

ஆடிட்_உதவி

உதைக்காது தம்பி. டிரையல் பேலன்ஸில் வருவது நம் ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு. காசோலை போட்டு இன்னும் பணமாகாதது, வங்கி பிடித்த கட்டணம் இதனால் பாஸ்புக் வேறு காட்டும். அதைச் சரிபார்ப்பது தனி வேலை. அந்தக் கட்டணத்தை நாம் எழுதவே இல்லை என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்தே விட்டுப்போயிருக்கும், டிரையல் பேலன்ஸுக்கு அது தெரியவே தெரியாது.

பழைய_லெட்ஜர்

அதேதான். அந்த வகைத் தவறு இந்தப் பட்டியலிலேயே ஒன்று இருக்கும்போல் தெரிகிறது. உதைக்கிற வரை சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

வங்கிக் கடன் 2,00,000 கிரெடிட்டில் நிற்கிறது. ஆனால் பட்டியலில் வட்டி என்று ஒரு வரியே இல்லை. வருடம் முழுக்கக் கடன் இருந்து வட்டி இல்லாமல் போகாது. கடனும் உருண்டையாக 2,00,000 என்று நிற்கிறது. தவணை கட்டியிருந்தால் இந்நேரம் சில்லறைத் தொகையாகக் குறைந்திருக்கும். தவணை கட்டுகிறீர்களா, கட்டினால் எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்?

மின்கடை_மகள்

மாதம் 6,000 வங்கியிலேயே பிடித்துவிடுவார்கள். ஏப்ரலில் தொடங்கியது. இருங்கள், பேரேட்டைப் பார்க்கிறேன்.

அப்பா எடுத்தது என்ற கணக்கில் எழுதியிருக்கிறார். 12 மாதமும். 1,20,000-இல் 72,000 அதுதான்.

பழைய_லெட்ஜர்

வங்கி கிரெடிட், எடுப்பு டெபிட். இரண்டு பக்கமும் சமம், அதனால் எத்தனை தடவை கூட்டினாலும் அகப்படாது. ஆனால் வட்டி செலவில் வராததால் லாபம் கூடுதலாகத் தெரியும். கடன் பாக்கி உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

72,000-ஐ அப்படியே கடன் கணக்குக்கு மாற்றிவிடாதீர்கள், அது அடுத்த தவறு. ஒவ்வொரு தவணையிலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பது வங்கி தருகிற கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். வட்டியின் மொத்தத்தை வட்டிக் கணக்கில் டெபிட், அசலைக் கடன் கணக்கில் டெபிட், எடுப்பில் 72,000 கிரெடிட். முடிந்தபின் கடன் கணக்கு இருப்பும் ஸ்டேட்மென்ட்டில் 31-3 அன்று காட்டுகிற பாக்கியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆடிட்_உதவி

அந்தக் கடன் கடைக்கு வாங்கியதா, வீட்டுக்கு வாங்கியதா என்பதையும் கேளுங்கள். வீட்டுக்கு என்றால் அப்பா எடுப்பில் எழுதியது சரியாகவே இருக்கலாம். தப்பு அப்போது கடனைக் கடைக் கணக்கில் காட்டியதில் வரும்.

பழைய_லெட்ஜர்

நல்ல கேள்வி. அதற்கு விடை தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம். கடன் பணம் வந்த நாளில் ரொக்க ஏட்டில் எங்கே போனது என்று பாருங்கள்.

மின்கடை_மகள்

அப்பாவுக்கு நினைவிருக்கிறது, பாதி ரேக் போட்டதற்கு, பாதி அத்தை கல்யாணத்துக்கு என்கிறார். ஸ்டேட்மென்ட் கேட்டுத் திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன்.

சிவகாசி_குமார்

பாதிச் சூத்திரம் கடைசில இப்படி வந்து நிக்கும்னு நான் எதிர்பார்க்கலை.